அந்தக் குழந்தை எந்தப் பக்கம்?

மார்பு எக்ஸ்ரே படத்தைக் கொடுத்தால் நிமோனியா இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் மாடல். இயந்திரக் கற்றல் படிக்கும் மாணவர்களின் ப்ராஜெக்ட் பட்டியலில் இதற்கு ஏறக்குறைய நிரந்தர இடம் உண்டு. படங்கள் இலவசம், தரவிறக்கம் ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல், ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஒரு நெட்வொர்க்கை எடுத்துக் கடைசி அடுக்கை மட்டும் மாற்றினால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். ப்ராஜெக்ட் விளக்கும் நாளில் திரையில் 98 சதவீதம் என்று ஓர் எண் பெரிதாக வந்து நிற்கும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கைதட்டுவார்கள். பிறகு யாராவது ஒருவர், ‘எத்தனை எப்பாக் ஓட்டினீர்கள்?’ என்று கேட்பார். ஓர் எண் பதிலாக வரும். அதோடு கேள்வி நேரம் முடிந்துவிடும்.

அந்த 98-ஐப் பற்றி உண்மையில் என்ன கேட்க வேண்டும்? இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரே ப்ராஜெக்ட்டைத்தான் கையில் வைத்துக்கொள்ளப் போகிறோம். அதன் பின்னால் உள்ள எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவை, யார் வேண்டுமானாலும் எண்ணிச் சரிபார்க்கக்கூடியவை.

படங்கள் சீனாவின் குவாங்சோ நகரில் உள்ள பெண்கள், குழந்தைகள் மருத்துவ மையத்திலிருந்து வந்தவை. எல்லாம் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையவை. டேனியல் கெர்மனியும் குழுவினரும் 2018-இல் ‘செல்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையுடன் இவை பொதுவெளிக்கு வந்தன. அந்தக் கட்டுரையின் பெரும்பகுதி விழித்திரைப் படங்களைப் பற்றியது. எக்ஸ்ரே அதில் ஒரு துணைப் பகுதி. பயிற்சிக்கு 5,232 படங்கள், சோதனைக்கு 624 படங்கள். அந்த 624-இல் நிமோனியா 390, இயல்பானவை 234. கட்டுரையாசிரியர்கள் பெற்ற அக்யூரஸி 92.8 சதவீதம்.

இங்கேயே ஒரு கேள்வி தானாக எழுகிறது. தொகுப்பை உருவாக்கிய குழுவே 92.8-இல் நின்றிருக்க, ஒரு மாலை வேலையில் 98 எப்படி வந்தது? நெட்வொர்க்குகள் அதற்குப் பிறகு மேம்பட்டிருக்கின்றன என்பது ஒரு பதில். ஆனால் பெரும்பாலும் அது சரியான பதில் அல்ல. அந்த 98 இந்த 624-இன் மேல் அல்ல, வேறு படங்களின் மேல் கிடைத்தது என்பதுதான் பதிலாக இருக்கும். ஆகவே முதல் கேள்வியில் மாடலின் பெயரே வர வேண்டியதில்லை: எந்தப் படங்களின் மேல் சோதித்தீர்கள், அவற்றை எப்படிப் பிரித்தீர்கள்?

வழக்கமாக வரும் பதில் இதுதான்: ‘எல்லாப் படங்களையும் ஒன்றாகச் சேர்த்தோம், கலைத்தோம், 80க்கு 20 என்று பிரித்தோம்.’ பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே இருப்பதால் கேட்பவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். இந்தத் தொகுப்பில் அது தவறு. காரணம் கோப்புகளின் பெயரிலேயே எழுதியிருக்கிறது. பயிற்சிக் கோப்புறையைத் திறந்தால் `person3_bacteria_10.jpeg`, `person3_bacteria_11.jpeg`, `person3_bacteria_12.jpeg`, `person3_bacteria_13.jpeg` என்று வரிசையாக இருக்கும். நான்கு படங்கள், ஒரே குழந்தை. அதே விலா எலும்புகள், அதே இதய நிழல், பெரும்பாலும் அதே இயந்திரம். கலைத்துப் பிரிக்கும்போது இந்த நான்கில் மூன்று பயிற்சிக்கும் ஒன்று சோதனைக்கும் போனால், மாடல் அந்தச் சோதனைப் படத்தில் நிமோனியாவைத் தேடத் தேவையில்லை. ஏற்கெனவே பார்த்த மார்புக்கூட்டை அடையாளம் கண்டால் போதும்.

இது எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு படமும் பயிற்சிப் பக்கம் போகும் வாய்ப்பு 0.8. நான்கும் பயிற்சிக்கே போகும் வாய்ப்பு 0.8-இன் நான்காம் அடுக்கு, அதாவது சுமார் 0.41. நான்கும் சோதனைக்கே போவது மிக அரிது, 0.002-க்கும் கீழே. ஆகவே நான்கு படங்கள் உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 59 பேர் இரண்டு பக்கமும் இருப்பார்கள். எப்போதாவது நடக்கும் விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது.

மாணவர்கள் மட்டும்தான் இப்படிச் செய்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2017 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டில் ஆண்ட்ரூ இங் தலைமையிலான குழு ‘செக்ஸ்நெட்’ என்ற மாடலை அறிவித்தது. நிமோனியாவைக் கண்டறிவதில் கதிரியக்க மருத்துவர்களை மிஞ்சியது என்ற வாசகத்துடன் அது உலகெங்கும் செய்தியானது. அது பயன்படுத்திய அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் தொகுப்பில் 1,12,120 படங்கள், 30,805 நோயாளிகள். ஆளுக்குச் சராசரியாக மூன்றரைக்கு மேல். கட்டுரையின் முதல் வடிவம் படங்களைச் சீரற்ற முறையில் பிரித்ததாகச் சொன்னது. நோயாளிகளைப் பிரித்தீர்களா என்று வெளியிலிருந்து கேள்வி வந்தது. குழு அதை ஏற்றுக்கொண்டு, ஒரே நோயாளி இரண்டு பக்கமும் வராதபடி மறுபடி பிரித்து, மறுபடி பயிற்சி கொடுத்து, திருத்திய வடிவத்தை வெளியிட்டது. சோதனைக்கு 389 நோயாளிகளின் 420 படங்கள் என்று அதில் தெளிவாக எழுதினார்கள். மதிப்பெண்கள் சற்று இறங்கின, சரிந்துவிடவில்லை. கசிவு இருந்தால் முடிவு முழுக்கப் பொய் என்று அர்த்தமில்லை. அதை அடைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கும்வரை எவ்வளவு பொய் என்பது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

அடைப்பது கடினமில்லை. பைதானில் `scikit-learn` வைத்திருப்பவர்களுக்கு மூன்று நான்கு வரிகள். கீழே `patient` என்பது ஒவ்வொரு படத்துக்கும் உரிய நோயாளியின் அடையாளம், கோப்பின் பெயரிலிருந்து எடுத்தது. நம்பை அணியாக இருக்க வேண்டும்.

```python
from sklearn.model_selection import GroupShuffleSplit

gss = GroupShuffleSplit(n_splits=1, test_size=0.15, random_state=7)
tr, va = next(gss.split(files, labels, groups=patient))
print(set(patient[tr]) & set(patient[va]))
```

கடைசி வரி `set()` என்று வெறுமையாக அச்சிட வேண்டும். அதில் ஒரு பெயர் வந்தாலும் பிரிப்பு தவறு. ப்ராஜெக்ட் விளக்குபவரிடம் இந்த ஒரு வரியை ஓட்டிக் காட்டச் சொல்வது அநியாயமான கேள்வியே இல்லை. பயிற்சிக் கோப்புறையிலும் சோதனைக் கோப்புறையிலும் `person1` உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரை வைத்து மட்டும் அவர் ஒரே குழந்தைதான் என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டு கோப்புறைகளையும் ஒன்றாகக் கொட்டாமல், சோதனைக் கோப்புறையை அப்படியே விட்டுவிட்டு, பயிற்சிக் கோப்புறைக்குள் மட்டும் பிரிப்பதே பாதுகாப்பு. இயல்பான படங்களின் பெயர்கள் வேறு வடிவத்தில், `IM-0115-0001.jpeg` என்பது போல இருக்கும். அவற்றில் நடு எண்ணையே குழுவாக எடுத்துக்கொள்ளலாம்.

இதே கசிவு வேறொரு வாசல் வழியாகவும் வரும். படங்கள் போதவில்லை என்று ஒவ்வொன்றையும் சற்றுத் திருப்பி, வலம் இடமாக மாற்றி, வெளிச்சம் கூட்டிப் பல நகல்களை உருவாக்குவது வழக்கம். பிரித்த பிறகு, பயிற்சிப் பக்கத்தில் மட்டும் அதைச் செய்தால் நல்லது. முதலில் நகலெடுத்துவிட்டுப் பிறகு பிரித்தால், சோதனைப் படம் என்பது பயிற்சிப் படத்தின் ஐந்து பாகை சாய்ந்த நகல். 99.5 என்று ஓர் எண் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ‘முதலில் எது, நகலெடுத்தலா, பிரித்தலா?’ என்று கேட்டால் போதும். பெரும்பாலும் பதில் சொல்பவரின் முகத்திலேயே தெரிந்துவிடும்.

பிரிப்பு சரி என்று ஆன பிறகுதான் ஓவர்ஃபிட்டிங் பற்றிக் கேட்பதில் பொருள் இருக்கிறது. இங்கே கேள்விகள் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகின்றன. ‘உங்கள் மாடல் ஓவர்ஃபிட் ஆனதா?’ என்று கேட்டால் ‘இல்லை, ட்ராப்அவுட் போட்டிருக்கிறோம்’ என்று பதில் வரும். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டதற்கு மாத்திரை போட்டேன் என்பது போன்ற பதில் அது. கேட்க வேண்டியது அளவீட்டை: பயிற்சிப் படங்களின் மேல் இழப்பு எவ்வளவு, மாடல் காணாத படங்களின் மேல் எவ்வளவு, இரண்டும் எப்பாக் தோறும் எப்படி நகர்ந்தன?

பயிற்சிப் படங்களின் மேல் 100 சதவீதம் எடுப்பது எதையும் நிரூபிக்காது. இதை 2017-இல் சியுவான் ஜாங்கும் சக ஆய்வாளர்களும் ஒரு குறும்பான சோதனையால் காட்டினார்கள். சீஃபார்-10 என்ற படத்தொகுப்பில் படங்களின் பெயர்ச்சீட்டுகளை முழுக்கக் குலுக்கிவிட்டார்கள். நாய்ப் படத்துக்குக் கப்பல் என்று பெயர், கப்பலுக்குத் தவளை. கற்க எதுவும் இல்லாத அந்தத் தொகுப்பையும் நெட்வொர்க்குகள் பயிற்சிப் பக்கத்தில் பிழையில்லாமல் மனப்பாடம் செய்துவிட்டன. அங்கே படங்கள் 50,000. நம் ப்ராஜெக்ட்டில் ஐந்தாயிரத்துச் சொச்சம் படங்கள். மாணவர்கள் எடுக்கும் ரெஸ்நெட்-50 மாடலில் இரண்டரைக் கோடி எண்கள் திருத்தப்படக் காத்திருக்கின்றன. மனப்பாடம் செய்ய இடம் தாராளம்.

ஆகவே காணாத படங்களின் வளைகோட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான பயிற்சியில் இரண்டு இழப்புகளும் சேர்ந்து இறங்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு பயிற்சி இழப்பு இறங்கிக்கொண்டே இருக்க, சரிபார்ப்பு இழப்பு நின்று, மெல்ல ஏறத் தொடங்கும். இதில் பலரைக் குழப்பும் ஒரு நிலை உண்டு: சரிபார்ப்பு இழப்பு ஏறுகிறது, ஆனால் சரிபார்ப்பு அக்யூரஸி அப்படியே இருக்கிறது. ‘அக்யூரஸி குறையவில்லையே, பரவாயில்லை’ என்று சொல்லிவிடுவார்கள். நடப்பது என்னவென்றால், தவறாகச் சொல்லும் படங்களின் எண்ணிக்கை மாறவில்லை; ஆனால் அந்தத் தவறுகளை மாடல் மேலும் மேலும் உறுதியாகச் சொல்கிறது. முதலில் 0.6 என்று தயங்கிச் சொன்ன தப்பை இப்போது 0.99 என்று அடித்துச் சொல்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் எதையாவது முடிவு செய்யப் போகிறார் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இந்தத் தொகுப்பில் அந்த வளைகோட்டையே நம்ப முடியாது. கேகிள் தளத்தில் பலரும் எடுக்கும் வடிவத்தில் மூன்று கோப்புறைகள் உள்ளன: `train`, `val`, `test`. `train`-இல் 5,216, `test`-இல் 624. `val`-இல்? பதினாறு. எட்டு நிமோனியா, எட்டு இயல்பு. 5,216-உடன் 16-ஐக் கூட்டினால் மூலக் கட்டுரையின் 5,232 வருகிறது. அதாவது பயிற்சிப் பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

பதினாறு படங்களில் ஒவ்வொன்றும் 6.25 சதவீதம். ஒரே ஒரு படத்தில் முடிவு மாறினாலே 93.75 என்பது 87.5 ஆகிவிடும். ப்ராஜெக்ட் அறிக்கைகளில் சரிபார்ப்புக் கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்குவதற்குக் காரணம் இதுதான். கற்றல் வேகம் கூடிவிட்டது என்று எழுதுவார்கள், அது பெரும்பாலும் தவறான நோயறிதல். இதைவிட மோசம், அந்தப் பதினாறை வைத்தே ‘சிறந்த எப்பாக்’ எது என்று தேர்ந்தெடுப்பது. உண்மையில் 85 சதவீதம் சரியாகச் சொல்லக்கூடிய ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். பதினாறையும் அது சரியாகச் சொல்லும் வாய்ப்பு 0.85-இன் பதினாறாம் அடுக்கு: நூற்றில் ஏழு. இருபது எப்பாக்கில் இருபது முறை பார்க்கிறோம். அவற்றை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொண்டால், ஒரு முறையாவது 100 சதவீதம் வந்துவிட ஐந்தில் நான்கு வாய்ப்பு. உண்மையில் அடுத்தடுத்த எப்பாக்குகள் அவ்வளவு சுதந்திரமானவை அல்ல, ஆகவே வாய்ப்பு இதைவிடக் குறையும். ஆனாலும் ‘சரிபார்ப்பில் 100 சதவீதம் எட்டினோம்’ என்ற வாசகம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

சில மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிகிறது. பதினாறு போதாது என்று கண்டு, அவர்கள் எடுக்கும் தீர்வு இன்னும் ஆபத்தானது: `model.fit(train, validation_data=test)`. சோதனைத் தொகுப்பையே சரிபார்ப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். கோடு அழகாக, வழவழப்பாக வரும். இருபது எப்பாக்கில் எது உச்சமோ அந்த எடைகளைச் சேமித்து, அதே 624 படங்களின் மேல் ‘சோதித்து’, அந்த உச்சத்தையே திரையில் காட்டுவார்கள். மாடல் அந்தப் படங்களைக் கொண்டு பயிற்சி பெறவில்லை என்பது உண்மை. மாடலைத் தேர்ந்தெடுத்தவர் அவற்றைக் கொண்டுதான் தேர்ந்தெடுத்தார் என்பதும் உண்மை. ‘சோதனைத் தொகுப்பை எத்தனை முறை பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் இது வெளிவரும். ஒரு முறை என்பதுதான் நல்ல பதில். ‘எண்ணவில்லை’ என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால், என் பார்வையில், அவருக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. ஆனால் திரையில் உள்ள எண்ணைக் குறைத்துத்தான் படிக்க வேண்டும்.

மேலே காட்டிய மூன்று வரிகளே இதற்கும் மருந்து. பயிற்சிக் கோப்புறையின் 5,216 படங்களிலிருந்து 15 சதவீதத்தை, நோயாளி வாரியாக, ஒதுக்கினால் 780 படங்கள் அளவுக்குச் சரிபார்ப்புத் தொகுப்பு கிடைக்கும். எந்த எப்பாக், எந்த நெட்வொர்க், எந்தக் கற்றல் வேகம் என்ற எல்லாத் தேர்வும் அதன் மேல். அந்த 624 கடைசி நாளில், ஒரு தரம்.

இப்போது எண்ணுக்கு வருவோம். 624 படங்களின் மேல் கிடைக்கக்கூடிய ஒரு முடிவை நானே எழுதி வைக்கிறேன். கணக்குப் பார்ப்பதற்காக, எந்தக் குறிப்பிட்ட மாடலுடையதும் அல்ல. ஆனால் இந்தத் தொகுப்பில் பழக்கப்பட்டவர்களுக்கு இந்தச் சாயல் தெரிந்திருக்கும். நிமோனியா உள்ள 390-இல் மாடல் 384-ஐப் பிடித்தது, 6-ஐ விட்டது. இயல்பான 234-இல் 164-ஐ இயல்பு என்றது, 70-ஐ நிமோனியா என்றது.

அக்யூரஸி 548-ஐ 624-ஆல் வகுத்தால் வருவது: 87.8 சதவீதம். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் எதனோடு ஒப்பிட்டு? படத்தையே பார்க்காமல் ‘எல்லாருக்கும் நிமோனியா’ என்று சொல்லும் ஒரு மாடல் இங்கே 390-ஐ 624-ஆல் வகுத்து 62.5 சதவீதம் வாங்கும். பூஜ்யத்திலிருந்து அளக்காமல் இந்த 62.5-இலிருந்து அளக்க வேண்டும். பயிற்சித் தொகுப்பில் அந்தச் சோம்பேறி மாடலுக்கு 74 சதவீதம்கூடக் கிடைக்கும். அங்கே நாலில் மூன்று படம் நிமோனியா. இந்தச் சாய்வுதான் மேலே உள்ள 70 தவறுகளுக்கும் ஒரு காரணம். சந்தேகம் வந்தால் நிமோனியா என்று சொல்லிவிடுவது லாபம் என்று பயிற்சியிலேயே மாடல் கற்றுக்கொண்டுவிட்டது.

ரீகால், அதாவது நோயுள்ளவர்களில் பிடித்த பங்கு, 390-க்கு 384: 98.5 சதவீதம். ப்ரிசிஷன், அதாவது நோய் என்று சொன்னவர்களில் உண்மையில் நோயுள்ளவர்கள், 454-க்கு 384: 84.6 சதவீதம். இரண்டையும் சேர்த்த எஃப்1 மதிப்பெண் 0.91. இந்த மூன்றும் திரைக்கு அழகு. திரையில் பெரும்பாலும் இடம்பெறாத நான்காவது எண் ஒன்று உண்டு, ஸ்பெசிஃபிசிட்டி: இயல்பானவர்களை இயல்பு என்று சொன்ன பங்கு. 234-க்கு 164, 70 சதவீதம். எஃப்1 கணக்கில் அந்த 164 எங்குமே நுழைவதில்லை; எஃப்1 மட்டும் காட்டினால் அது மறைந்துவிடும். கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸின் நான்கு கட்டங்களையும் காட்டச் சொன்னால் இந்த எல்லா எண்களையும் கேட்பவரே மனக்கணக்காகப் போட்டுக்கொள்ளலாம். நான்கு கட்டமும் இல்லாத ஒரு விளக்கத்தில் வேறு எந்த மதிப்பெண்ணும் எனக்குத் தேவைப்படுவதில்லை.

ப்ரிசிஷன் விஷயத்தில் இன்னும் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: உங்கள் மாடல் எங்கே உட்காரப் போகிறது, அங்கே நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் இருக்கும்? சோதனைத் தொகுப்பில் நூற்றுக்கு 62 பேருக்கு நிமோனியா. எந்தப் புறநோயாளிப் பிரிவிலும் அப்படி இருக்காது. ஆயிரம் குழந்தைகள் வருகிறார்கள், அதில் ஐம்பது பேருக்கு நிமோனியா என்று வைத்துக்கொள்வோம். மாடல் அந்த ஐம்பதில் 49-ஐப் பிடிக்கும். மீதி 950-இல் ஏறக்குறைய 30 சதவீதம், அதாவது சுமார் 284 பேரையும் நிமோனியா என்று சொல்லும். எச்சரிக்கை ஒலித்த 333 பேரில் உண்மையான நோயாளி 49. ப்ரிசிஷன் 15 சதவீதத்துக்கும் கீழ். மாடலில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. வந்தவர்கள் மட்டும்தான் மாறினார்கள். ரீகாலும் ஸ்பெசிஃபிசிட்டியும் இடம் மாறினாலும் ஓரளவு நிற்கும்; ப்ரிசிஷனும் அக்யூரஸியும் எஃப்1-உம் அந்தந்தக் கூட்டத்துக்கு மட்டுமே சொந்தம்.

இதைக் கேட்ட மாணவர், ‘வாசலை உயர்த்துகிறேன்’ என்று சொல்லலாம். 0.5-க்கு மேல் என்றால் நிமோனியா என்பதற்குப் பதில் 0.8-க்கு மேல் என்று வைத்தால் பொய் எச்சரிக்கை குறையும், கூடவே சில நோயாளிகளும் தவறிப்போவார்கள். நியாயமான வழிதான். ஆனால் அந்த 0.8-ஐ எந்தப் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் கேட்க வேண்டும். சோதனைப் படங்களைப் பார்த்து என்றால் பழைய கதைதான்.

இன்னொன்று, தசம இலக்கங்கள். 624 படங்களில் 87.8 சதவீதம் என்றால், படங்களின் எண்ணிக்கை காரணமாகவே அதில் ஏறக்குறைய 2.6 சதவீதம் மேலும் கீழும் ஆட்டம் உண்டு. ஸ்பெசிஃபிசிட்டிக்கு 234 படங்கள் மட்டுமே என்பதால் ஆட்டம் 6 சதவீதம் வரை. ‘எங்கள் முறை 88.1, பழைய முறை 87.3’ என்ற அட்டவணையில் ஐந்து படங்களின் வித்தியாசம் மட்டுமே இருக்கிறது. வேறு விதை எண்ணுடன் மறுபடி பயிற்சி கொடுத்தால் வரிசை தலைகீழாகலாம்.

பிரிப்பு நோயாளி வாரியாக, சோதனை ஒரே தரம், நான்கு கட்டமும் திரையில். இவ்வளவும் சரியாக இருந்தும் மாடல் நுரையீரலைப் பார்க்காமலேயே வென்றிருக்கலாம். 2018-இல் ‘ப்ளாஸ் மெடிசின்’ இதழில் ஜான் ஜெக்கும் குழுவினரும் அதைக் காட்டினார்கள். தேசிய சுகாதார நிறுவனத்தின் படங்களையும் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் படங்களையும் சேர்த்து நிமோனியா மாடலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதே இரண்டு இடங்களின் புதிய நோயாளிகளிடம் சோதித்தபோது ஆர்ஓசி வளைகோட்டின் கீழ்ப் பரப்பு 0.931. இண்டியானாவிலிருந்து வந்த படங்களில் அது 0.815 ஆகிவிட்டது. காரணத்தைத் தேடினார்கள். மவுண்ட் சைனாய் படங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிமோனியா. தேசிய சுகாதார நிறுவனத்தின் படங்களில் நூற்றுக்கு ஒன்று சொச்சம். எந்த மருத்துவமனை என்பதைப் படத்தை வைத்தே நெட்வொர்க்கால் 99.9 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்ல முடிந்தது. எந்த மருத்துவமனை என்பதை மட்டும் வைத்து, மார்பைப் பார்க்காமல் வரிசைப்படுத்தினாலே 0.861 கிடைத்தது. 0.931-இல் பெரும்பங்கு அந்த முகவரியிலிருந்தே வந்திருக்கக்கூடும்.

குவாங்சோ தொகுப்பில் மருத்துவமனை ஒன்றே. அங்கே என்ன முகவரி இருக்கிறது? கோப்புகளைத் திறந்து பிக்ஸல் அளவைப் பார்த்தால் ஒன்று தென்படும். இயல்பான படங்கள் பொதுவாகப் பெரியவை. நிமோனியா படங்கள் சிறியவை, உயரத்தைவிட அகலம் இன்னும் தூக்கலானவை. எல்லாவற்றையும் 224-க்கு 224 என்ற சதுரத்துக்குள் இழுத்துத் திணிக்கும்போது அந்த விகித வேறுபாடு மறையாது. விலா எலும்புகள் வெவ்வேறு அளவு நசுங்கிய வடிவமாகப் படத்துக்குள்ளேயே தங்கிவிடும்.

ஆகவே கடைசியாக நான் கேட்பது: படங்களை விட்டுவிட்டு, அகலம் உயரம் என்ற இரண்டு எண்களை மட்டும் கொடுத்து ஒரு சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் ஓட்டினீர்களா? ஐந்து நிமிட வேலை. அது 62.5-ஐச் சுற்றி நின்றால் நல்லது. அதைத் தாண்டி ஏறினால், படங்களை இழுக்காமல் ஓரங்களில் கறுப்பு நிரப்பிச் சதுரமாக்கினாலும் போதாது, அந்தக் கறுப்புப் பட்டையின் அகலமே விகிதத்தைக் காட்டிக்கொடுக்கும். எல்லாப் படங்களையும் ஒரே விகிதத்தில் நடுவிலிருந்து வெட்டி, மறுபடி பயிற்சி கொடுத்து, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.